பந்திலிருந்து வாய்க்கால் தாண்டும் பொடியன் வரை: அனிமேஷன் தொடங்குபவர்களுக்கு

கல்முனையில் ஒரு பிரிண்டிங் கடையில் பனர் வடிவமைப்பது என் வேலை. கடை பூட்டிய பிறகு அனிமேஷன் பழகினேன். ஒரு பொடியன் வயல் வாய்க்காலைத் தாண்டும் 3 வினாடிப் படம், அவ்வளவுதான் ஆசை. அதற்கு நாலு மாதம் போனது. காசு கட்டிப் போன ஒரு வகுப்பில் எந்த பட்டனை எங்கே அழுத்துவது என்று மட்டும் சொல்லித் தந்தார்கள். பொடியன் ஏன் பலூன் மாதிரி மிதக்கிறான் என்று கேட்டால், "பழகப் பழக வரும்" என்றார்கள். பழகியும் வரவில்லை. எண்ணிப் பார்த்த பிறகுதான் வந்தது. அந்த எண்ணிக்கையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று சொற்கள் அடிக்கடி வரும். ஸ்குவாஷ் என்றால் உருவம் நசுங்குவது, ஸ்ட்ரெச் என்றால் நீளுவது, அன்டிசிபேஷன் என்றால் ஒரு செயலுக்கு முன் உடம்பு எதிர்ப்பக்கம் போய் ஆயத்தமாவது. இனி நசுங்கல், நீளல், ஆயத்தம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மென்பொருளுக்குச் செலவில்லை. Pencil2D, Krita இரண்டும் இலவசம், எது உங்கள் லெப்டொப்பில் இழுபடாமல் ஓடுகிறதோ அதை வையுங்கள். பேனா டேப்லெட் இப்போது வாங்க வேண்டாம். பந்துக்கு மவுஸ் போதும். பின்னால் ஒரு அரிசிச் சாக்கை வரைய வரும்போதுதான் டேப்லெட் தேவைப்படும், அதுவரை அந்தக் காசு உங்களிடமே இருக்கட்டும். நான் முதலில் டேப்லெட்டை வாங்கிவிட்டு இரண்டு மாதம் பெட்டியோடு வைத்திருந்தேன்.

ஆவணங்கள் என்று பார்த்தால் இரண்டு. முதலாவது பிரேம் தாள். பிரேம் என்றால் ஓடும் படத்தின் ஒரு தனிப் படம். ஒரு சி.ஆர். கொப்பியில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று பிரேம் எண்களை எழுதி, எதிரே அந்தப் பிரேமில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது பாதை அட்டை. உருவம் ஒவ்வொரு பிரேமிலும் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று கோடு போட்ட ஒரு படம் அது. அதைக் கடைசி லேயரில் வைத்து, அதன் மேல்தான் வரைய வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் லெப்டொப்பைத் திறக்காதீர்கள்.

படத்தின் அளவு 1920 × 1080, வேகம் வினாடிக்கு 24 பிரேம். வேகத்தை முதலிலேயே 24 ஆக்கிவிடுங்கள். சில மென்பொருள் தானாக வேறு எண்ணில் திறக்கும், பாதி வரைந்த பிறகு மாற்றினால் எல்லாக் கணக்கும் பிழைத்துவிடும்.

2. ஒரு டெனிஸ் பந்தைப் படம் பிடியுங்கள்

கிரிக்கெட் விளையாடுகிற டெனிஸ் பந்து எந்த வீட்டிலும் கிடக்கும். சுவரில் 1.2 மீற்றர் உயரத்தில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து சீமெந்துத் தரையில் விட்டு, போனில் எடுங்கள். (நான் முதலில் கடற்கரைக்குக் கொண்டுபோய் எடுத்தேன். மணலில் பந்து எங்கே எழும்பும்? பொத்தென்று விழுந்து அப்படியே கிடந்தது.)

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான போன்கள் வினாடிக்கு 30 பிரேமில் எடுக்கும். 1.2 மீற்றர் விழுவதற்கு ஏறத்தாழ அரை வினாடி பிடிக்கும், அதாவது போன் வீடியோவில் 15 பிரேம், 24 பிரேம் படத்தில் 12. வீடியோவில் எண்ணிய 15ஐ அப்படியே கொண்டுவந்து வைத்தால் பந்து எண்ணெய்க்குள் விழுவது போல இருக்கும். ஆகவே போனில் எண்ணியதை 0.8ஆல் பெருக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை: பாரமான பொருள் கெதியாக விழும் என்பது. அந்த உயரத்திலிருந்து தேங்காயை விட்டாலும் அதே 12 பிரேம்தான். விழுந்த பிறகு எவ்வளவு எழும்புகிறது, எவ்வளவு நசுங்குகிறது என்பதில்தான் பாரம் தெரியும்.

3. பாதை அட்டை

திரையில் 1.2 மீற்றரை 720 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கணக்கு மிகச் சுலபமாகிவிடும்.

```
h = 5 × n × n
```

உச்சியிலிருந்து n பிரேம் கழிந்ததும் பந்து h பிக்சல் கீழே இறங்கியிருக்கும். ஒரு பிரேம் கழிந்ததும் 5, இரண்டு கழிந்ததும் 20, மூன்று கழிந்ததும் 45, அப்படியே போய்ப் பதினொன்று கழிந்ததும் 605, பன்னிரண்டு கழிந்ததும் 720. உச்சியில் கோடுகள் நெருங்கி நிற்கும், தரைக்கு அருகே விலகி நிற்கும். மேலே முதல் இடைவெளி வெறும் 5 பிக்சல், தரைக்கு முன் கடைசி இடைவெளி 115. கோடுகளைச் சம தூரத்தில் போட்டவர்களின் பந்து லிஃப்ட் மாதிரி இறங்கும்.

எழும்புவதற்கும் இதே கணக்கை மறுபக்கமாகப் பிடியுங்கள். டெனிஸ் பந்து விழுந்த உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக எழும்பும். அதனால் எழும்பும் பிரேம்களை 9, 7, 5, 3 என்று குறைத்துக்கொண்டு வரலாம். 9 பிரேமுக்கு 405 பிக்சல், 7க்கு 245, 5க்கு 125, 3க்கு 45. பிரேம் தாளில் இப்படி விழும்: 1இல் உச்சி, 13இல் தரை, 22இல் உச்சி, 31இல் தரை, 38இல் உச்சி, 45இல் தரை, பிறகு 50, 55, 58, 61. இரண்டரை வினாடிப் படம். ஏறும்போது வரைந்த உயரங்களே இறங்கும்போதும் வருவதால் உண்மையில் பாதி வேலைதான்.

முதல் தடவை பந்து நின்ற இடத்திலேயே குதிக்கட்டும். பக்கவாட்டில் நகர்த்துவதைப் பிறகு பார்க்கலாம்.

Blender போன்ற மென்பொருளில் பந்தை வரையாமல், முக்கிய நிலைகளில் மட்டும் கீ வைத்து நகர்த்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருள் எல்லாக் கீயையும் தானாக வழுவழுப்பாக்கும். உச்சிக்கு அது சரி. தரையில் அப்படி விட்டால் பந்து தரையைத் தொடுமுன் வேகம் குறைந்து, பஞ்சு மெத்தையில் இறங்குவது போல இறங்கும். பந்தின் உயரத்தைக் காட்டும் வளைகோடு தரையைத் தொடும் இடத்தில் V எழுத்து மாதிரிக் கூராக இருக்க வேண்டும்.

4. நசுங்கலும் நீளலும்

உண்மையான டெனிஸ் பந்து 600 பிக்சலுக்கு ஒரு மீற்றர் என்ற இந்த அளவில் 40 பிக்சல்தான் வரும், அது கண்ணுக்கே தெரியாது. 120 பிக்சல் விட்டத்தில் வரையுங்கள். உயரத்தை எப்போதும் பந்தின் அடியிலிருந்து அளவுங்கள். நடுவிலிருந்து அளந்தால் நசுங்கும் பிரேமில் பந்து தரையிலிருந்து எழுந்து மிதக்கும். எனக்கு அது ஒரு கிழமை மிதந்தது, காரணம் தெரியவில்லை.

நீளலுக்கு உண்மையான காரணம் கண்தான். அடுத்தடுத்த இரண்டு படங்களில் பந்துகள் ஒன்றின்மேல் ஒன்று பட்டுக்கொண்டிருந்தால் கண் அதை ஒரே பந்தின் ஓட்டமாகப் பார்க்கும். இடைவெளி பந்தின் விட்டத்தை நெருங்கும்போது படங்கள் பிரிந்து, பந்து துடிதுடிப்பது போலத் தெரியும். தரைக்கு முன் கடைசி மூன்று இடைவெளிகள் 95, 105, 115. பந்து 120. சரியாக அந்த இடத்தில்தான் நீட்ட வேண்டும். உச்சிக்கு அருகே 5 பிக்சல், 15 பிக்சல் நகரும் பந்துக்கு நீளல் எதற்கு? அங்கே முழு வட்டமாகவே விடுங்கள். ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் வழி முழுக்க நீட்டிவிடுவார்கள், பந்து முட்டையாகிவிடும்.

நீட்டும் அளவுக்கு ஒரே விதி: பரப்பு மாறக்கூடாது. உயரம் 150 ஆனால் அகலம் 96. தரையில் நசுங்கும்போது அதைத் திருப்பிப் போடுங்கள்: உயரம் 96, அகலம் 150. அகலத்தை மறந்து உயரத்தை மட்டும் குறைத்தால் பந்து சின்னதாகிப் பெருப்பது போல இருக்கும். இரண்டாவது தரைத் தொடுகையில் 104 உயரம், 138 அகலம். மூன்றாவதில் 112, 129. அதற்குப் பிறகு நசுங்கல் வேண்டாம், விசை போய்விட்டது.

நசுங்கிய படம் ஒரே ஒரு பிரேம். இது முக்கியம். உண்மையில் டெனிஸ் பந்து தரையில் தங்குவது ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குதான், நம்முடைய ஒரு பிரேமோ வினாடியின் 24இல் ஒரு பங்கு. ஒரு பிரேம் கொடுப்பதே தாராளம். 13ஆவது பிரேமில் நசுங்கட்டும், 12இல் நீண்டு வரட்டும், 14இல் நீண்டு போகட்டும். எனக்கு இந்த வேலை எல்லாம் சேர்த்து இரண்டு இரவு.

5. பந்துக்கு உயிர் வருவது: அரிசிச் சாக்கு

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். முடித்த பந்துப் படத்தைப் பிரதி எடுத்து, அதில் 13ஆவது பிரேமின் நசுங்கிய படத்தை மட்டும் 10 பிரேம் நிறுத்திப் பாருங்கள். பந்து விழுந்து அமர்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு தானாக எழும்புவது போலத் தெரியும். வரைந்த கோடு ஒன்றுகூட மாறவில்லை. ஒரு பிரேம் நசுங்கினால் அது மோதலின் விளைவு. பத்துப் பிரேம் நசுங்கினால் அது வரப்போகும் குதிப்புக்கு ஆயத்தம். ஜடப்பொருள் ஆயத்தமாவதில்லை. அதனால்தான் ஆயத்தம் தெரிந்த உடனே பந்துக்கு மனம் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம்.

இதைப் பழகுவதற்குப் பொடியனிடம் நேரே போகாதீர்கள். பாதி நிரம்பிய அரிசிச் சாக்கு ஒன்றை வரையுங்கள். கீழ் மூலைகள் இரண்டும் கால், மேல் மூலைகள் இரண்டும் கை, முகம் கிடையாது. உண்மையான சாக்கை ஒருமுறை தூக்கி வைத்துப் பாருங்கள். அரிசி எல்லாம் அடியில் சரிந்து, அடிவயிறு பருத்து, மேலே துணி சுருங்கி நிற்கும். குந்தும்போது அந்த வயிறு இன்னும் அகலும். எழும்பும்போது அரிசி ஒரு கணம் பின்தங்கும், அதனால் மேல்பக்கம் முதலில் நீண்டு, அடி கடைசியாகத் தரையை விடும். இது பரப்பு மாறாத அதே விதிதான், வட்டத்துக்குப் பதில் சாக்கு.

சாக்கு நின்ற இடத்தில் ஒரு தடவை குதித்து இறங்கினால் போதும். குந்துவதற்கு 12 பிரேம், கீழே 4 பிரேம், எழும்ப 6 பிரேம், காற்றில் மேலே 7, கீழே 7. இந்த எண்களை அப்படியே பொடியனுக்கும் கொண்டுபோகப் போகிறோம். எனக்கு நாலு இரவு எடுத்தது, அதில் மூன்று இரவு சாக்கின் மூலைகளோடுதான் போனது.

6. பொடியன் வாய்க்கால் தாண்டுகிறான்

சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குப் போனபோது வரம்பில் நின்ற ஒரு மருமகனைத் தாண்டச் சொல்லிப் பார்த்தேன். ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடின வாய்க்கால். நான் வரைந்த முதல் படத்தில் அவன் நின்றான், அடுத்த கணம் காற்றில் இருந்தான். மச்சான் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னகா இது, நடுவால வெட்டுப்பட்டுப் போச்சா?" அவர் சொன்னது சரி. ஆயத்தம் இல்லாவிட்டால் பார்ப்பவரின் கண் புறப்படுவதற்குள் செயல் முடிந்துவிடும், நடுவில் பிரேம் காணாமல் போனது போலத்தான் படும்.

பொடியனின் இடுப்பை அந்தப் பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை அட்டையில் இடுப்புக்கு மட்டும் கோடு போடுங்கள், மற்ற உறுப்புகள் பிறகு.

1 முதல் 8 வரை நிற்கிறான், வாய்க்காலைப் பார்க்கிறான். 8இலிருந்து 20 வரை குந்துகிறான்: இடுப்பு 150 பிக்சல் கீழே, கொஞ்சம் பின்னே, கைகள் முதுகுப்பக்கம். முன்னோக்கித் தாண்டப் போகிறவன் முதலில் பின்னும் கீழுமாகப் போகவேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் கோடுகள் நெருக்கமாக இருக்கட்டும். 20 முதல் 24 வரை கிட்டத்தட்ட நிற்கிறான், ஆனால் முழுவதும் உறையவிடாதீர்கள், இரண்டு மூன்று பிக்சல் இன்னும் அமரட்டும். அசையாத படத்தைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

24 முதல் 30 வரை உந்துகிறான். இங்கேதான் நான் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன். குந்தின இடத்திலிருந்து நிமிர்ந்து, பெருவிரல் நுனியில் நீண்டு நிற்கும் இடம் வரை இடுப்பு மொத்தம் 210 பிக்சல் ஏறவேண்டும்: குந்தினது 150, குதிகால் தூக்கினதால் 60. அந்த 210ஐ ஆறு பிரேமுக்கு 6, 18, 29, 41, 52, 64 என்று பிரியுங்கள். காற்றில் 7 பிரேம் ஏறினால் பழைய கணக்குப்படி 245 பிக்சல், அதில் முதல் இடைவெளி 65. உந்தலின் கடைசி இடைவெளி 64, காற்றின் முதல் இடைவெளி 65. இரண்டும் ஒட்டிப்போகிறதா என்று பாருங்கள். என்னுடைய பழைய படத்தில் முன்னது 30, பின்னது 65. மேலிருந்து யாரோ கயிறு கட்டித் தூக்கினது போல இருந்தான். மறுபக்கம், உந்தல் வேகமாக இருந்து காற்றில் இடைவெளி சின்னதானால் தாண்டின உடனே மிதப்பான். மிதக்கிறான் என்று யாராவது சொன்னால் முதலில் இந்த இரண்டு எண்களைத்தான் பாருங்கள்.

30 முதல் 44 வரை காற்று, 37இல் உச்சி. பக்கவாட்டில் ஒவ்வொரு பிரேமுக்கும் 60 பிக்சல், 14 பிரேமில் 840, அதாவது 1.4 மீற்றர். மேலும் கீழும்தான் இடைவெளி மாறும், பக்கவாட்டில் சமமாகவே இருக்கும். உச்சியில் பக்கவாட்டு வேகத்தையும் குறைப்பது மிகச் சாதாரணமான பிழை, பொடியன் அந்தரத்தில் பிறேக் போட்டது போல இருக்கும்.

44இல் கால் படுகிறது. 50 வரை நசுங்கல்: முழங்கால் மடிய இடுப்பு 150ஐவிடச் சற்று அதிகமாகவே இறங்கும், விழுந்த விசையைத் தாங்குகிற இறக்கம் அது. பிறகு 64 வரை மெதுவாக நிமிர்ந்து, 72 வரை சரிப்படுகிறான். 72 பிரேம், 3 வினாடி.

மனித உருவத்தில் நசுங்கல் என்பது உடம்பைப் பந்தாகச் சப்பையாக்குவதில்லை. மூட்டு மடிவதும் முதுகு வளைவதும்தான் நசுங்கல், அவை நிமிர்வதுதான் நீளல். தலை ஓடு எப்போதும் ஒரே அளவு. காலின் நீளத்தை ஒரு கடதாசித் துண்டில் அளந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்திலும் பொருத்திப் பாருங்கள். 29, 30 என்ற இரண்டு பிரேமில் மட்டும் பத்தில் ஒரு பங்கு நீட்டலாம், யாரும் பிடிக்க மாட்டார்கள். நான் குந்தும் படத்தில் தெரியாமல் காலைக் குறுக்கிவிட்டேன். ஓடவிட்டால் பொடியன் சீமெந்துக்குள் புதைவது போல இருந்தது.

கைகள் இடுப்புக்கு இரண்டு பிரேம் முன்னதாகவே முன்னே வீசத் தொடங்கட்டும். தலைமயிர், சட்டை நுனி இரண்டு மூன்று பிரேம் பிந்தட்டும். காற்சட்டை போட்ட பொடியனையே வரையுங்கள். சாரம் உடுத்த ஆளை முதல் படத்துக்கு எடுத்தால் துணியை வரைந்தே வயதாகிவிடும்.

7. எந்த ஒழுங்கில் வரைவது, எத்தனை நாள்

1ஆம் பிரேமிலிருந்து வரிசையாக வரைந்துகொண்டு போகாதீர்கள். பொடியன் வழியில் வளர்ந்துவிடுவான், என்னுடையவன் மறுகரையில் அண்ணனாக இறங்கினான். முதலில் ஏழு நிலைகள்: நிற்பது (1), அடியில் குந்துவது (20), நுனிக்காலில் நீள்வது (30), உச்சி (37), கால் படுவது (44), நசுங்கல் (50), திரும்ப நிற்பது (72). ஒவ்வொன்றையும் அடுத்த நிலை வரும்வரை நிறுத்திவைத்து ஓட்டிப் பாருங்கள். திக்குத் திக்கென்று போகும், ஆனால் நேரக் கணக்கு சரியா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஏழு படத்தில் திருத்துவது அரை மணித்தியாலம். ஐம்பது படம் வரைந்த பிறகு திருத்துவது ஒரு கிழமை.

சரி என்று பட்டால் இடைப்படங்கள். குந்துவது, நிமிர்வது போன்ற மெதுவான இடங்களில் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைக்கலாம். 24 முதல் 50 வரை பிரேமுக்கு ஒரு படம் வேண்டும், அங்கே இடைவெளி பெரிது. மொத்தம் ஐம்பதுக்குள் வரும். இரவுக்கு இரண்டு மணித்தியாலம் என்று 11 இரவு எனக்குப் பிடித்தது, அது ஏற்கெனவே தவறெல்லாம் செய்து முடித்த பிறகு.

ஏற்றுமதி செய்யும்போது 24 பிரேம் என்று இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், சில இடங்களில் அது தனியாக 30க்குத் தாவியிருக்கும். பிறகு போனில் போட்டு, அந்தப் படத்தை முன்பு பார்க்காத ஒருவரிடம் ஒரே ஒரு தடவை காட்டுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். "திரும்பப் போடு" என்று கேட்டால் எந்த இடத்துக்காகக் கேட்கிறார் என்று விசாரித்து, அந்தப் பிரேம் எண்ணைக் கொப்பியில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். என் மச்சான் இரண்டாம் தடவை கேட்டது 44ஆவது பிரேமுக்கு. கால் படுமுன்பே முழங்கால் மடியத் தொடங்கியிருந்தது.